காய் விடும் தண்ணீரும் கணக்கில் உண்டு

புலாவ் குழைந்துபோனால் நம் வீடுகளில் முதலில் திட்டு வாங்குவது அரிசிதான். ‘புது அரிசி போலிருக்கு’, ‘கடைக்காரர் கலந்து கொடுத்துட்டார்’ என்போம். அடுத்து குக்கர். ‘ஒரு விசில் கூடிப்போச்சு.’ தண்ணீரை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதைத்தான் டம்ளரால் அளந்து ஊற்றினோமே! ஆனால் நாம் அளக்காத தண்ணீர் ஒன்று பாத்திரத்துக்குள் போயிருக்கும். தக்காளிக்குள்ளும் சௌசௌவுக்குள்ளும் ஒளிந்துகொண்டு போன தண்ணீர் அது.

இதை எனக்குப் பாடமாகவே எடுத்துச் சொன்னது, என் அக்கா மகளின் புதன்கிழமைப் புலாவ்.

எங்களுக்குத் தாராசுரம். ஐராவதேஸ்வரர் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு. வீட்டில் பட்டுத் தறி ஓடுகிறது. அக்கா மகள் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். மூன்று வருடமாக மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாள். கும்பகோணத்தில் உள்ள கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் தினம் 30 டப்பா போகும். திங்கள் சாம்பார் சாதம், செவ்வாய் புளியோதரை என்று ஒரு முறை வைத்திருக்கிறாள். புதன் என்றால் வெஜிடபிள் புலாவ். அதுவும் சீரகச் சம்பாவில்.

அந்தப் புலாவ் ஒரு வாரம் உதிரி உதிரியாக, நெய் மணக்க இருக்கும். மறுவாரம் கரண்டியை வைத்தால் களி மாதிரி எழும்பும். இத்தனைக்கும் அதே அரிசி, அதே தேக்சா, அதே அடுப்பு. ஒருநாள் பன்னிரண்டு டப்பா வாங்கும் ஓர் அலுவலகத்திலிருந்து போன் வந்துவிட்டது. ‘இனிமே புதன்கிழமை மட்டும் எங்களுக்கு வேண்டாம்மா.’ புதன் மட்டும் வேண்டாம் என்பவர்கள் ஒரு மாதத்தில் மற்ற நாளும் வேண்டாம் என்பார்கள். அந்தப் பன்னிரண்டு டப்பா போனால், சிலிண்டர், மளிகை, கொண்டுபோய்க் கொடுக்கும் பையனின் சம்பளம் எல்லாம் போக அவள் கையில் நிற்பது ஒன்றுமில்லை.

“அரிசியை மாத்திட்டேன், கடையையும் மாத்திட்டேன் சித்தி. இன்னும் எதை மாத்தறது?” என்று வந்து உட்கார்ந்தாள்.

தை அறுவடை முடிந்து புது அரிசி வரும் சமயத்தில் இப்படி நடந்திருந்தால் அரிசியைச் சந்தேகிக்கலாம். புது அரிசி தண்ணீர் குறைவாகக் கேட்கும், ஒட்டும். ஆனால் ஒரே மூட்டையிலிருந்து எடுத்த அரிசி ஒரு வாரம் உதிர்ந்து மறுவாரம் குழைகிறதென்றால், குற்றவாளி மூட்டைக்குள் இல்லை. உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. அதே அரிசியில் இரண்டு டம்ளர் எடுத்து, காய் எதுவும் போடாமல், வழக்கமான அளவுத் தண்ணீரில் வெறும் நெய்ச் சோறாக வடிக்காமல் வேகவைத்துப் பாருங்கள். அது உதிரியாக வந்தால் அரிசியும் சரி, உங்கள் தண்ணீர்க் கணக்கும் சரி. கோளாறு காயில்தான். அவள் செய்து பார்த்தாள். நெய்ச் சோறு முத்து முத்தாக வந்தது.

குழைந்த சோற்றைப் பார்த்தேகூடக் கொஞ்சம் சொல்லிவிடலாம். அரிசி புதிது என்றால் பாத்திரம் முழுக்க ஒரே மாதிரி ஒட்டும். காய்த் தண்ணீர் கூடினால் மேல் சோறு ஓரளவு நன்றாக இருக்கும். அடியிலும், காய் குவிந்த இடங்களிலும்தான் சொதசொதவென்று இருக்கும். அவள் டப்பாக்களில் இரண்டாவது ரகம்தான் திரும்பி வந்திருந்தது.

பட்டு நெசவு நடக்கும் வீட்டில் தராசு இல்லாமல் இருக்காது. நூலும் ஜரிகையும் எடை போட்டுத்தான் வாங்கவும் கொடுக்கவும் செய்வோம். எங்களிடம் இருப்பது கிராம் கணக்குக் காட்டும் எலக்ட்ரானிக் தராசு. அதைத் தூக்கிக்கொண்டு அவள் அடுப்படிக்குப் போனேன். என் வீட்டுக்காரர், “பட்டு வெக்கிற தராசுல தக்காளியா?” என்று ஒரு பார்வை பார்த்தார். துடைத்துக் கொடுத்தால் போச்சு!

செய்தது இவ்வளவுதான். ஒவ்வொரு காயாக 200 கிராம் நறுக்கி, அரை டீஸ்பூன் உப்புப் போட்டு, சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல், சிறிய வாணலியில் மூடி போட்டுக் குறைந்த தணலில் எட்டு நிமிடம் வைத்தோம். பிறகு வடிகட்டியில் கொட்டி, கீழே இறங்கிய சாற்றை எடை போட்டோம். தண்ணீருக்கு ஒரு கிராம் என்றால் ஒரு மி.லி. என்பதால் கணக்கு எளிது.

தக்காளி 90 கிராமுக்கு மேல் சாறு விட்டது. கிட்டத்தட்டப் பாதி எடை! சௌசௌ 45 கிராம், முட்டைக்கோஸ் 50 கிராம். அதாவது கால் பங்கு. காலிஃப்ளவர் 20 கிராம்தான், பத்தில் ஒரு பங்கு. கேரட்டை வடிகட்டியில் கொட்டினால் இரண்டு ஸ்பூன்கூடத் தேறவில்லை. பீன்ஸும் அப்படியே. உருளைக்கிழங்கு வாணலியில் ஒட்டிக்கொண்டதே தவிரச் சொட்டவே இல்லை. இவை எங்கள் அடுப்பில் வந்த கணக்கு. உங்கள் அடுப்பில் முன்னே பின்னே இருக்கும். வரிசை மட்டும் மாறாது.

இதில் ஒரு விஷயம் பலரையும் ஏமாற்றும். காய்க்குள் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வேறு, அது எவ்வளவை வெளியே விடும் என்பது வேறு. தக்காளியில் நூற்றுக்கு 94, 95 பங்கு தண்ணீர். சௌசௌவிலும் அநேகமாக அவ்வளவே. கேரட்டிலும் 88 பங்கு தண்ணீர்தான்! கேட்டால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் கேரட்டின் சதை இறுக்கமானது. புலாவ் வேகும் கால் மணி நேரத்தில் அது தன் தண்ணீரைக் கையைவிட்டுக் கொடுக்காது. உருளைக்கிழங்கோ, சூடு ஏறியதும் தன் மாவுக்குள்ளேயே தன் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். தக்காளியின் கதை நேர் எதிர். விதையைச் சுற்றியுள்ள கொழகொழப்பு, கத்தி பட்டதுமே ஓடத் தொடங்கிவிடும். சூடு பட்டதும் சதையும் இளகி, இருப்பதையெல்லாம் கொட்டிவிடும். உப்புப் போட்டால் இன்னும் வேகம்.

ஆகவே ‘காய் போட்டிருக்கேன், அதனால அரை டம்ளர் குறைச்சேன்’ என்று பொத்தாம் பொதுவாகக் குறைப்பதில் அர்த்தம் இல்லை. எந்தக் காய், எவ்வளவு எடை என்று பார்த்துத்தான் குறைக்க வேண்டும்.

இப்போது அவளுடைய தேக்சாவுக்கு வருவோம். முப்பது டப்பாவுக்கு 3 கிலோ சீரகச் சம்பா. இருபது நிமிடம் ஊறவைத்து, நன்றாக வடித்துப் போடுவாள். இந்த அரிசிக்குக் காய் இல்லாத நெய்ச் சோற்றுக் கணக்கு, கிலோவுக்கு 1¾ லிட்டர். ஆக மொத்தம் 5¼ லிட்டர். “காய் தண்ணி விடுமே, அதுக்காக அரை லிட்டர் குறைச்சு 4¾ லிட்டர் ஊத்துவேன்” என்றாள். எல்லாப் புதன்கிழமையும் அதே 4¾ லிட்டர்.

“சரி, எல்லாப் புதன்கிழமையும் அதே காயா போடறே?”

அவள் சிரித்துவிட்டாள். “எப்படி சித்தி? மார்க்கெட்ல எது மலிவோ அதுதானே வாங்க முடியும்?”

தாராசுரத்துக் காய்கறி மார்க்கெட்டில் காலையில் போனால் எது மலிவு, எது உச்சம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். தக்காளி விலை ஏறிய வாரம் அவள் 400 கிராம்தான் போடுவாள். சௌசௌவும் இருக்காது. உருளையும் கேரட்டும் கூடும். தக்காளி மலிந்த வாரம் ஒன்றரைக் கிலோ நாட்டுத் தக்காளி உள்ளே போகும். கூடவே ஒரு கிலோ சௌசௌ. மலிவான காய், அளவும் நிறையக் காட்டும், சாப்பிடுபவர்களும் ‘காய் தாராளம்’ என்பார்கள். நம் பக்கத்தில் சிலர் இன்னும் பெங்களூர்க் கத்தரிக்காய் என்று சொல்வார்களே, அதேதான்.

ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். எல்லா வாரமும் மாறாமல் போவது கால் லிட்டர் தயிரும் 400 கிராம் காலிஃப்ளவரும். தயிரில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் 200 மி.லி. என்று வைத்தோம். காலிஃப்ளவருக்கு 40. வெங்காயத்தை விட்டுவிட்டோம். அது பொன்னிறமாக வதங்கும்போதே அதன் தண்ணீர் ஆவியாகிவிடுகிறது.

தக்காளி விலை ஏறிய வாரம்: 400 கிராம் தக்காளியில் பாதி, 200. தயிரும் காலிஃப்ளவரும் சேர்த்து 240. மொத்தம் 440 மி.லி. குறைக்க வேண்டியது அரை லிட்டருக்குச் சற்றுக் கம்மி. அவள் குறைப்பது அரை லிட்டர். கச்சிதம்!

சாதாரண வாரம்: 750 கிராம் தக்காளிக்கு 375, அரைக் கிலோ சௌசௌவுக்கு 125, மற்றது 240. மொத்தம் 740. முக்கால் லிட்டர் குறைக்க வேண்டிய இடத்தில் அரை லிட்டர் குறைகிறது. சோறு சற்று மெத்தென்று இருக்கும். யாரும் போன் போட மாட்டார்கள்.

தக்காளி மலிந்த வாரம்: ஒன்றரைக் கிலோவுக்கு 750, ஒரு கிலோ சௌசௌவுக்கு 250, மற்றது 240. மொத்தம் 1,240. ஒன்றேகால் லிட்டர் குறைத்து 4 லிட்டர் ஊற்றியிருக்க வேண்டும். ஊற்றியது 4¾. கிலோ அரிசிக்குக் கால் லிட்டர் அதிகம். களியாகாமல் என்ன செய்யும்?

“அப்ப தக்காளி விலை ஏறினா என் புலாவ் நல்லாருக்கும், இறங்கினா கெட்டுப்போகும்னு சொல்றீங்க!” என்றாள். ஆமாம், அதைத்தான் அந்தத் தாள் சொன்னது. பழைய புதன்கிழமைகளை யோசித்துப் பார்த்தபோது அதுவும் பொருந்தி வந்தது. பாவம், லாபம் நிற்கிற வாரத்தில்தான் பெயர் கெட்டிருக்கிறது.

“ஆனா நான் தக்காளியை வதக்கித்தானே சித்தி தண்ணி ஊத்தறேன்?” என்று ஒரு நியாயமான கேள்வியும் கேட்டாள்.

இங்கேதான் வீட்டுச் சமையலும் முப்பது பேர் சமையலும் பிரிகின்றன. வீட்டில் இரண்டு தக்காளியை அகலமான வாணலியில் போட்டால் ஐந்து நிமிடத்தில் சாறு வற்றி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து நிற்கும். அந்த நிலை வந்துவிட்டால் தக்காளித் தண்ணீரைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். அது ஆவியாகப் போய்விட்டது. ஒன்றரைக் கிலோ தக்காளியை ஆழமான தேக்சாவில் கொட்டும்போது என்ன ஆகிறது? சாறு பல மடங்கு கூடுகிறது. ஆனால் ஆவி போகிற வாய் அந்த அளவுக்குப் பெரிதாகவில்லை. அதே ஐந்து நிமிடத்தில் தக்காளி வதங்காது, தன் சாற்றிலேயே வேகும். மசாலா பார்க்கச் சிவப்பாக, வதங்கியது போலத்தான் இருக்கும். கரண்டியால் ஒரு பக்கம் ஒதுக்கிப் பாருங்கள். ஒதுக்கிய இடத்தில் எண்ணெய் மட்டும் ஊறி வந்தால் வற்றிவிட்டது. சிவப்புத் தண்ணீர் ஓடி வந்து நிறைந்தால் வற்றவில்லை, அவ்வளவும் அரிசிக்குத்தான் போகப்போகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா, கானா பக்கம் ஜொலோஃப் என்றொரு தக்காளிச் சோறு மிகப் பிரசித்தம். தக்காளி, குடைமிளகாய், மிளகாய் எல்லாவற்றையும் அரைத்து அந்த விழுதில் அரிசியை வேகவைப்பார்கள். அங்கே பல வீடுகளில் அரைத்த விழுதைத் தனியாகக் கொதிக்கவிட்டுத் தண்ணீரைச் சுண்டவைத்த பிறகுதான் எண்ணெயில் போட்டு வதக்குவார்கள். நம் தக்காளி சாதத்துக்கும் இது பொருந்தும். நேரம் இருந்தால் சுண்டவை, நேரம் இல்லையென்றால் அதைத் தண்ணீராக எண்ணு. இரண்டில் ஒன்று செய்தே ஆக வேண்டும். பாதி வதக்கிவிட்டு முழுத் தண்ணீர் ஊற்றுவதில்தான் வம்பு.

அக்கா மகளுக்குச் சுண்டவைக்க நேரம் இல்லை. காலை ஒன்பதரைக்கு அடுப்பு பற்ற வைத்தால் பதினொன்றரைக்கு டப்பா கிளம்பியாக வேண்டும். தினமும் தராசு வைத்துக் காய் நிறுக்கவும் அவளால் ஆகாது. அதனால் எடையும் வேண்டாம், மனக்கணக்கும் வேண்டாம் என்று ஒரு வழி பார்த்தோம். காய் விட்ட தண்ணீரையே நேராக அளந்துவிடுவது!

அடுத்த புதன் தக்காளி மலிவாகவே இருந்தது. நல்லதாய்ப் போயிற்று. எண்ணெய், நெய், பட்டை, கிராம்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் வழக்கம்போல. பிறகு தக்காளி, தயிர், புதினா, நறுக்கிய காய்கள், சோற்றுக்கும் சேர்த்து வேண்டிய முழு உப்பு. கிளறிவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் தேக்சாவை மூடி, மிதமான தீயில் ஏழு நிமிடம் விட்டாள். இரண்டு முறை மட்டும் திறந்து அடிபிடிக்காமல் கிளறினாள். மூடியைத் திறந்தபோது காய்கள் பாதிக்கு மேல் சாற்றில் முங்கிக் கிடந்தன. தேக்சாவை ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்து, குழிக்கரண்டியால் சாற்றை முகர்ந்து, கோடு போட்ட லிட்டர் குவளையில் ஊற்றினோம். ஒரு நிமிடம் விட்டால் எண்ணெய் மேலே மிதந்து நிற்கும். அதை விட்டுவிட்டு, கீழே உள்ள சாறு எத்தனை என்று பார்க்க வேண்டும். சரியாக ஒரு லிட்டர் கோட்டில் நின்றது. கரண்டிக்குச் சிக்காமல் காயோடு நின்றது இன்னும் ஒரு டம்ளர் இருக்கும் என்று மதிப்பிட்டோம். ஆக 1,200 மி.லி. காலண்டர் தாளில் வந்ததோ 1,240. எங்களுக்கே ஆச்சரியம்தான்.

சாற்றைத் தேக்சாவிலேயே திரும்ப ஊற்றிவிட்டு, 5¼ லிட்டரில் மீதி எவ்வளவோ அதை வெந்நீராக ஊற்றினாள். கிட்டத்தட்ட 4 லிட்டர். ஊற்றும்போது அவள் கை தயங்கியது. “இவ்ளோ கம்மியா இருக்கே சித்தி, வேகுமா?” இத்தனை நாள் ஊற்றியதைவிட முக்கால் லிட்டர் கம்மி என்றால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். அந்தப் பயத்துக்காக ஒரு டம்ளர் வெந்நீரைப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொள்ளலாம். குறைந்தால் பின்னால் தெளித்துக்கொள்ள முடியும். கூடிப்போனதைத் திரும்ப எடுக்க முடியாது.

கொதி வந்ததும் வடித்த அரிசியைப் போட்டு, பெரிய தீயில் மூடாமல் வைத்தாள். தேக்சாவின் சௌகரியம் இதுதான், கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். ஏழெட்டு நிமிடத்தில் தண்ணீர் வற்றி, அரிசியும் தண்ணீரும் ஒரே மட்டத்துக்கு வரும். மேலே சின்னச் சின்னக் குழிகள் விழும். அந்த இடத்தில் தீயைச் சிம்மில் வைத்து, மூடி, மேலே கனம் ஏற்றி, பதினைந்து நிமிடம் தம். குழி விழும் நேரத்திலும் அரிசிக்கு மேலே ஒரு விரல் தண்ணீர் நின்றால் அவசரப்பட்டு மூடக்கூடாது. இன்னும் இரண்டு நிமிடம் திறந்தே கொதிக்கட்டும். அதற்கு முன்பே தண்ணீர் அடியில் இறங்கிவிட்டு, மேல் அரிசியைக் கடித்தால் நடுவில் நறுக்கென்று இருந்தால், வைத்திருக்கும் வெந்நீரில் அரை டம்ளரைச் சுற்றிலும் தெளித்துவிட்டு மூடலாம். அன்று தெளிக்க வேண்டியிருக்கவில்லை.

தம் உடைத்ததும் அவள் சோற்றை அகலமான தட்டில் பரப்பி, பத்து நிமிடம் ஆவி போகவிட்டு டப்பாவில் போட்டாள். டப்பா கட்டுகிறவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். சுடச்சுட அடைத்து மூடினால் ஆவி மூடியில் வேர்த்துச் சொட்டி, நன்றாக வந்த புலாவையும் இரண்டு மணி நேரத்தில் ஈரமாக்கிவிடும்.

மறுவாரம் அந்த அலுவலகத்திலிருந்து போன் வரவில்லை. அவள் தொழிலில் போன் வராததுதான் நல்ல சேதி.

வீட்டில் நாலு பேருக்குக் குக்கரில் செய்பவர்கள் குவளையும் குழிக்கரண்டியும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு சின்னக் கணக்குச் சொல்கிறேன். 200 மி.லி. டம்ளரால் இரண்டு டம்ளர் அரிசி. உங்கள் நெய்ச் சோற்றுக்கு, ஊறவைத்து வடித்த அரிசியில், டம்ளருக்கு ஒன்றரை டம்ளர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மொத்தம் 3 டம்ளர். இரண்டு நடுத்தரத் தக்காளி சுமார் 150 கிராம் இருக்கும். அரைகுறையாக வதக்கினால் அதிலிருந்து 75 மி.லி. சௌசௌ 150 கிராம், அதில் கால் பங்கு, 40 மி.லி. இரண்டு மேசைக்கரண்டி தயிர், 25 மி.லி. எல்லாம் சேர்ந்து 140 மி.லி. அதாவது முக்கால் டம்ளருக்குக் கொஞ்சம் கம்மி. எனவே 3 டம்ளருக்குப் பதில் 2¼ டம்ளரும் ஒரு ஸ்பூனும் ஊற்றினால் போதும். அதே தக்காளியை எண்ணெய் பிரிய வதக்கிவிட்டீர்கள் என்றால், சௌசௌவுக்கும் தயிருக்கும் மட்டும் குறைத்தால் போதும். மூன்றில் ஒரு டம்ளர்.

குக்கரில் ஆவி வெளியே போவது மிகவும் குறைவு. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது. அதனால் குக்கரில் சந்தேகம் வந்தால் குறைவான பக்கமே நில்லுங்கள். திறந்தபின் அரிசி நறுக்கென்று இருந்தால் வெந்நீர் தெளித்து, வெயிட் போடாமல் மூடி, சிம்மில் ஐந்து நிமிடம் வைத்தால் சரியாகிவிடும்.

நாங்கள் எடை போட்டவற்றில் காளான்தான் பொல்லாதது. 200 கிராமில் 80 கிராமுக்கு மேல் சாறு விட்டது. தக்காளிக்குத் தம்பி! காளான் புலாவ் என்றால் காளானை மட்டும் தனியாகப் பெரிய தீயில் மூடாமல் வதக்கி, சாறு வற்றியபின் சேர்ப்பது உத்தமம். கீரை சேர்ப்பவர்களுக்கும் அதே யோசனை. ஃப்ரிட்ஜ் பட்டாணியை உறைந்தபடியே கொட்டினால் மேலே ஒட்டியிருக்கும் ஐஸும் தண்ணீர்தான். முதலில் வெளியே வைத்து, இளகியதும் வடித்துவிட்டுப் போடுங்கள். மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்தவர்கள் நன்றாகப் பிழியாமல் போட்டால், அது பஞ்சு மாதிரி தாங்கி வைத்திருந்த தண்ணீரை உள்ளே போய்க் கக்கும். காலிஃப்ளவரைப் புழுவுக்காக உப்பு வெந்நீரில் போட்டு எடுப்போமே, அதையும் வடிகட்டியில் கவிழ்த்து ஐந்து நிமிடம் விட வேண்டும். பூவுக்குள் தேங்கி நிற்கும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. தேங்காய்ப்பால் சேர்த்தால் முதல் பாலில் முக்கால் பங்கையும், இரண்டாம் மூன்றாம் பாலை முழுசாகவும் தண்ணீராக எண்ணிக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் என்றாவது தண்ணீர் கூடிவிட்டது, மூடியைத் திறந்தால் அடியில் ஈரம் மினுக்குகிறது என்றால், கிளறாதீர்கள். கிளறினால் வெந்த அரிசி உடைந்து, அந்த மாவு ஈரத்தோடு சேர்ந்து பசையாகிவிடும். பாத்திரத்தின் வாயில் ஒரு சுத்தமான வெள்ளைத் துணியைப் போர்த்தி, அதன் மேல் மூடியை வைத்து, துணியின் நுனிகளை மேலே மடித்துவிட்டு, தோசைக்கல் மேல் பாத்திரத்தை ஏற்றிச் சிம்மில் பத்து நிமிடம் விடுங்கள். கொஞ்சநஞ்ச ஈரம் என்றால் ஆவியைத் துணி குடித்துக்கொள்ளும். பிறகு அகலமான தட்டில் முள்கரண்டியால் பரப்பி ஆறவிட்டால் பாதியாவது உதிரும். அதற்கும் மசியாத அளவு தண்ணீர் என்றால், இன்னும் ஒரு டம்ளர் வெந்நீர் ஊற்றி, மிளகு பொடித்துப் போட்டு, காய்கறிப் பொங்கல் என்று பெயர் வைத்துப் பரிமாறிவிடலாம். எங்கள் வீட்டில் அதற்கும் கிராக்கி உண்டு.